டச்பேட் அம்பு குதிக்கிறது, உறைகிறது: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் லேப்டாப் பழுது பார்க்கும் மேஜைக்கு முன்னால் ஒரே சந்தேகம் பல வாயிலிருந்து வருகிறது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்து மக்கள் கேட்டதை அவர்கள் கேட்டபடியே வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் விண்டோஸ் 10, 11 லேப்டாப்புகளைப் பற்றித்தான் பேசுகிறேன். லினக்ஸுக்குத் தனியாக ஒரு கேள்வி உண்டு.

1. அண்ணே, மவுஸ் அம்பு தானா குதிக்குது. டச்பேட் போயிடுச்சா?

பெரும்பாலும் போயிருக்காது. டச்பேட் விரலின் அழுத்தத்தைப் பார்த்து வேலை செய்வதில்லை. மேல்தகட்டுக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய மின்கோடுகள் ஓடுகின்றன. விரல் நெருங்கும்போது அந்தக் கோடுகளுக்கு இடையிலுள்ள மின்தேக்கம் மிகச் சிறிதளவு மாறும். எந்த இடத்தில் எவ்வளவு மாறியது என்று உள்ளேயிருக்கும் சில்லு ஓயாமல் அளந்து, அதை வைத்து விரல் இருக்கும் இடத்தைக் கணிக்கிறது. இந்த மாற்றத்தை உண்டாக்க விரல்தான் வேண்டும் என்பதில்லை. வேர்வைத் துளி, உப்புப் படிவு, உள்ளங்கையின் ஓரம், சார்ஜர் வழியாக வரும் மின் இரைச்சல் ஆகிய நான்கும் சில்லின் கண்ணுக்கு விரல் மாதிரியே தெரியலாம்.

பணம் செலவழிக்கும் முன் மூன்று காரியம் செய்து பாருங்கள். முதலில் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். பிறகு கையையும் டச்பேடையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். அப்போதும் குதித்தால் ஒரு யூ.எஸ்.பி. மவுஸ் மாட்டி, செட்டிங்கில் டச்பேடை அணைத்துவிட்டு வேலை செய்யுங்கள். சார்ஜரைக் கழற்றியதும் நின்றால் 8-வது கேள்விக்குப் போங்கள். துடைத்ததும் நின்றால் 5-வது கேள்வி. டச்பேடை அணைத்த பிறகும் அம்பு ஓடினால் குற்றவாளி டச்பேட் இல்லை, 13-வது கேள்வியைப் பாருங்கள்.

2. அம்பு குதிக்கல. டைப் அடிக்கும்போது எழுத்துதான் திடீர்னு மேல் வரியில போய் விழுது. இதுவும் அதே கோளாறா?

இது வேறு. எழுத்து விழும் இடத்தில் சிமிட்டிக்கொண்டிருக்கும் கோடு ஒன்று, அம்பு இன்னொன்று. கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் சதை டச்பேடை லேசாகத் தொட்டதும் அதை ஒரு தட்டல் என்று எடுத்துக்கொண்டு, அம்பு எங்கே நின்றதோ அங்கே கிளிக் செய்துவிடுகிறது. சிமிட்டும் கோடு அங்கே ஓடிவிடும். டச்பேட் சரியாகத்தான் வேலை செய்கிறது, கையைத் தெரியாமல் விரல் என்று நினைத்துவிட்டது.

உறுதி செய்ய வழி இருக்கிறது. விண்டோஸ் 11-ல் `Settings > Bluetooth & devices > Touchpad` போங்கள் (விண்டோஸ் 10-ல் `Settings > Devices > Touchpad`). அங்கே `Tap with a single finger to single-click` என்ற டிக்கை எடுத்துவிட்டு ஒரு நாள் டைப் அடியுங்கள். கிளிக் வேண்டும்போது டச்பேடின் கீழ்ப்பகுதியை அழுத்திக்கொள்ளலாம். எழுத்து ஓடுவது நின்றுவிட்டால் உள்ளங்கைதான் காரணம். பிறகு டிக்கைத் திரும்பப் போட்டுவிட்டு `Touchpad sensitivity` என்பதை `Low sensitivity` ஆக்குங்கள்.

3. உள்ளங்கை பட்டா கண்டுக்காம விடுற செட்டிங் இருக்குன்னு சொல்றாங்க. என் லேப்டாப்புல தேடித் தேடிப் பார்த்தேன், காணோமே?

அந்தப் பெயரில் ஒரு பொத்தான் விண்டோஸில் கிடையாது. மேலே சொன்ன `Touchpad sensitivity` தான் அந்த வேலையைச் செய்கிறது. பெயரைப் பார்த்து, விரல் வேகம் சம்பந்தப்பட்டது என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். வேகத்துக்கு வேறு அளவுகோல் இருக்கிறது. இங்கே உள்ள நான்கு நிலைகளும், எந்தத் தொடுதலைத் தற்செயலானது என்று தள்ளுவது, ஒரு விசையை அடித்த பிறகு எவ்வளவு நேரம் டச்பேடை நம்பாமல் இருப்பது என்பதைத் தீர்மானிக்கின்றன. தொட்ட பரப்பு பெரிதா, நீளமாக இருக்கிறதா, ஓரத்தில் பட்டதா, இப்போதுதான் விசை அடித்தாரா என்றெல்லாம் பார்த்துத்தான் உள்ளங்கை என்று முடிவாகிறது. உள்ளங்கை முழுதாகப் படிந்தால் சுலபமாகத் தெரிந்துவிடும். அதன் ஓரம் ஒரு துளி மட்டும் பட்டால் விரல்நுனி அளவுதான் இருக்கும், அதைப் பிரித்தறிவது கஷ்டம். லேப்டாப்பை மடியில் வைத்து, மணிக்கட்டைக் கீழே சாய்த்து அடிப்பவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம் வருவதற்கு இதுதான் காரணம்.

அந்த வரியே உங்கள் திரையில் இல்லை என்றால் இரண்டில் ஒன்று. பழைய வகை டச்பேடாக இருக்கலாம். அப்போது `Win+R` அழுத்தி `main.cpl` என்று அடித்தால் மவுஸ் ஜன்னல் திறக்கும். கடைசித் தாவலில் டச்பேட் கம்பெனியின் பெயர் இருக்கும். சினாப்டிக்ஸ் என்றால் உள்ளே `PalmCheck` என்ற நகர்த்தும் அளவுகோல் கிடைக்கும்.

இன்னொரு காரணம் இதைவிட அடிக்கடி வருவது. `Win+X` அழுத்தி `Device Manager` திறந்து, `Mice and other pointing devices` கீழே பாருங்கள். `PS/2 Compatible Mouse` என்று மட்டும் இருந்தால் டச்பேடுக்கான டிரைவர் போடப்படவில்லை என்று அர்த்தம். விண்டோஸ் அதை ஏதோ பழைய மவுஸ் என்று நினைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறது. மவுஸுக்கு உள்ளங்கை பற்றி எதுவும் தெரியாது. ஃபார்மட் பண்ணின பிறகுதான் ஆரம்பித்தது என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இந்த வரியைத்தான்.

4. கேம் ஆடும்போது கீ அழுத்தினா டச்பேட் செத்துப் போகுது, கையை எடுத்தா உயிர் வருது. டிரைவரா?

கோளாறே இல்லை, முந்தைய பதிலில் சொன்ன பாதுகாப்பு வேலை செய்கிறது. விசை அழுத்தியபடி இருந்தால், டைப் அடிக்கிறார், டச்பேடில் படுவது உள்ளங்கையாக இருக்கும் என்று ஒதுக்குகிறது. கேம் ஆடும் நேரத்தில் `Most sensitive` வைத்துக்கொள்ளுங்கள், முடிந்ததும் திரும்ப மாற்றிவிடுங்கள். எக்செலில் எண் அடித்த கையோடு அம்பை நகர்த்தினால் ஒரு கணம் நகராமல் நிற்பதும் இதே காரணம்தான். அந்த ஒரு கணம் எரிச்சலாக இருந்தால் `Medium sensitivity` நல்ல நடுநிலை.

5. வேர்வை பட்டா அம்பு ஆடும்னு சொல்றீங்க. துடைச்சிட்டேன், ஆனா விடியக்காலைல திரும்பவும் ஆடுதே?

வேர்வை காய்ந்தால் தண்ணீர் போய்விடும், உப்பு போகாது. கடலோரக் காற்றிலும் உப்பு இருக்கிறது. சாதாரண உப்புக்கு ஒரு குணம் உண்டு: காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துத் தானே கரைந்து கொள்ளும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி நசநசப்பதை வீட்டில் பார்த்திருப்பீர்கள். நம் பக்கத்தில் பின்னிரவிலும் விடியற்காலையிலும் ஈரப்பதம் அந்த அளவை எளிதாகத் தாண்டும். பகலில் கண்ணுக்குத் தெரியாமல் காய்ந்து கிடக்கும் உப்புப் படலம், விடிவதற்குள் மின்சாரத்தைக் கடத்தும் ஈரப் படலமாகிவிடுகிறது. மதியம் மின்விசிறிக் காற்றில் மறுபடி காய்ந்துவிடும். கடைக்குக் கொண்டுவரும்போது கோளாறு காணாமல் போவதன் ரகசியம் இதுதான்.

உலர்ந்த துணியால் துடைத்தால் உப்பு இடம் மாறுமே தவிரப் போகாது. அதைக் கரைத்து எடுக்க வேண்டும், அந்த முறை 7-வது பதிலில் இருக்கிறது. படிவுதான் காரணமா என்று தெரிந்துகொள்ள ஒரு அடையாளம் சொல்கிறேன். ஒரே விரலால் அம்பை நகர்த்தும்போது பக்கம் தானாக மேலும் கீழும் உருண்டாலோ, எழுத்து பெரிதாகிச் சிறிதானாலோ, டச்பேட் இரண்டு விரல் இருப்பதாக நினைக்கிறது. ஒன்று உங்களுடையது, மற்றது ஈரப் படிவு. அம்பு எப்போதும் ஒரே மூலைக்கு இழுத்தால் படிவு அந்த ஓரத்தில் இருக்க வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று. விரல் படாதபோது இருக்கும் அளவைத்தான் டச்பேட் தன் அடிப்படை அளவாக எடுத்துக்கொள்கிறது. ஈரமாக இருக்கும்போது லேப்டாப்பை இயக்கினால் அந்த அடிப்படையே தப்பாகிப் போகலாம். பிறகு காய்ந்தாலும் கொஞ்ச நேரம் ஓர் இடம் மட்டும் விரலைக் கண்டுகொள்ளாது. நன்றாகத் துடைத்து, கையை எடுத்துவிட்டு, ஒரு முறை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகும்.

6. ஆபீஸ் ஏசி ரூம்லேர்ந்து வெளிய வந்து லேப்டாப்பைத் திறந்தா டச்பேட் ஒரேயடியா மக்கர் பண்ணுது. ஏன்?

குளிர்ந்த தகட்டின் மேல் நம் ஊர் ஈரக் காற்று பட்டால் தண்ணீர் படியும். குளிர்ந்த தண்ணீர் பாட்டிலின் வெளிப்பக்கம் வியர்ப்பது இதனால்தான். கோடையில் லேப்டாப்பின் உலோக உடம்பு 20 டிகிரி பக்கம் குளிர்ந்திருந்தால் ஒரு மெல்லிய பனிப் படலம் நிச்சயம் வரும். டச்பேட் முழுவதும் ஈரமாவதால் எந்த இடத்தில் விரல் இருக்கிறது என்றே அதற்குப் புரியாது.

வெளியே வந்ததும் பையிலிருந்து எடுக்காதீர்கள். அரை மணி நேரம் மூடிய பைக்குள்ளேயே கிடந்து வெளிச் சூட்டுக்கு வரட்டும். அவசரம் என்றால் மவுஸ் மாட்டிக்கொள்ளுங்கள். ஹேர் டிரையர் காட்ட வேண்டாம்.

7. எதை வெச்சுத் துடைக்கிறது? சானிடைசர் போடலாமா?

சானிடைசர் வேண்டாம். கை வறண்டு போகாமலிருக்க அதில் கிளிசரின் போன்றவற்றைச் சேர்த்திருப்பார்கள். ஆல்கஹால் ஆவியானதும் அது பிசுபிசுப்பாகத் தங்கி, ஈரத்தையும் தூசியையும் பிடித்து வைத்துக்கொள்ளும். 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாங்குங்கள். அதில் மீதி தண்ணீர் என்பதால் உப்பும் கரையும், எண்ணெய்ப் பிசுக்கும் போகும். கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணி ஒன்று போதும்.

லேப்டாப்பை முழுவதும் ஷட் டவுன் செய்து சார்ஜரைக் கழற்றுங்கள். திரவத்தைத் துணியில்தான் விட வேண்டும், டச்பேடின் மேல் நேராகத் தெளிக்கக் கூடாது. துணியைப் பிழிந்தால் சொட்டக் கூடாது, அவ்வளவு ஈரம் போதும். நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைத்து, துணியின் சுத்தமான பக்கத்தால் இன்னொரு முறை துடையுங்கள். கை வைக்கும் இடத்தையும் விட்டுவிடாதீர்கள், உப்பு அங்கிருந்துதான் திரும்ப வருகிறது. பத்து நிமிடம் காய விட்டுப் பிறகு இயக்குங்கள்.

டச்பேடைச் சுற்றியிருக்கும் மெல்லிய இடுக்கு தனிக் கதை. எண்ணூர், மணலி பக்கத்திலிருந்து வரும் லேப்டாப்புகளில் கரித்தூசியும் மண்ணும் அங்கே இறுகி நிற்பதை நிறையப் பார்க்கிறேன். இது மின்சாரக் கோளாறு தராது, கிளிக்கை நெருக்கிப் பிடிக்கும். அழுத்தாமலே எழுத்துகள் நீலமாகத் தேர்வாகிக்கொண்டே போனால், ஃபோல்டர்கள் அம்போடு ஒட்டிக்கொண்டு இழுபட்டால், கிளிக் உள்ளே சிக்கியிருக்கிறது. மென்மையான டூத்பிரஷ்ஷைக் காய்ந்த நிலையில் இடுக்கின் போக்கிலேயே ஓட்டி, லேப்டாப்பைச் சாய்த்துத் தட்டிவிடுங்கள். ஊசி, சேஃப்டி பின் எதையும் விடாதீர்கள்.

8. பேட்டரில நல்லா ஓடுது. சார்ஜர் சொருகினா மட்டும் அம்பு நடுங்குது, சில நேரம் பாடில கை வெச்சா சுர்ருனு இருக்கு. பயமா இருக்கு சார்.

சார்ஜருக்குள் இரைச்சலைக் குறைக்க வைத்திருக்கும் சிறிய மின்தேக்கி வழியாக, மிகச் சிறிய மின்னோட்டம் லேப்டாப்பின் உடம்புக்கு வரும். எர்த் ஒழுங்காக இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் போக வழியில்லாமல் லேப்டாப் உடம்பில் மிதந்துகொண்டிருக்கும். உங்கள் கை பட்டால் கை வழியாகப் போகப் பார்க்கும், அதுதான் அந்தச் சுர். தரமான சார்ஜரில் இந்த அளவு ஒரு மில்லியாம்பியரில் சிறு பங்குதான், உணர முடியும், ஆபத்தான அளவு கிடையாது. நல்ல ஷாக் மாதிரி அடித்தால் கதை வேறு, உடனே சார்ஜரைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். டச்பேட் அளப்பதோ மிக நுட்பமான மாற்றம். லேப்டாப் உடம்பே மேலும் கீழும் ஆடும்போது விரலின் அளவும் சேர்ந்து ஆடுகிறது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான சோதனை: சார்ஜர் போட்டபடி ஒரு கையால் அம்பை நகர்த்துங்கள், மற்ற கையை லேப்டாப்பின் உலோகப் பகுதியில் வையுங்கள். நடுக்கம் குறைந்தாலோ மாறினாலோ எர்த் பிரச்சினைதான். பிறகு பிளக்கைப் பாருங்கள். மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடாப்டரில் சொருகியிருந்தால் எர்த் அங்கேயே அறுந்துவிட்டது. ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளில் மூன்று ஓட்டை பாக்ஸ் இருந்தும் மேல் ஓட்டைக்கு ஒயரே வராமல் இருக்கும். எர்த் நன்றாக இருக்கும் வேறு இடத்தில் அதே சார்ஜரைப் போட்டுப் பாருங்கள். அங்கே நின்றுவிட்டால் கோளாறு வீட்டு ஒயரிங்கில். அங்கேயும் நடுங்கினால் சார்ஜரை மாற்றிப் பாருங்கள். மலிவான போலி சார்ஜர்களில் இரைச்சல் வடிகட்டும் பாகமே இல்லாமல் இருப்பதுண்டு.

எர்த் சரி செய்வது எலெக்ட்ரீஷியன் வேலை. அவர் மீட்டரில் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 வோல்ட் பக்கம், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே சில வோல்ட் மட்டும் வருகிறதா என்று பார்ப்பார். சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒயர் துண்டால் இணைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். நியூட்ரல் ஒயர் எங்காவது அறுந்தால் லேப்டாப் உடம்பு முழுக்க 230 வோல்ட் ஏறி நிற்கும்.

9. எங்க மாமா காசிமேட்டுல மீன் ஏலக் கணக்கு லேப்டாப்புல ஏத்துறாரு. ரெண்டு தடவை விண்டோஸ் புதுசா போட்டுக் குடுத்தாங்க, திரும்ப அதே ஆட்டம். என்னதான் பண்றது?

இந்த மாதிரி லேப்டாப்பில் ஒரே காரணத்தைத் தேடினால் ஏமாந்துவிடுவோம். இவருடையதில் மூன்று காரணம் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தது. விண்டோஸைத் திரும்பப் போட்டது மூன்றையும் தொடவில்லை. கடையில் பகலில், பேட்டரியில், உலர்ந்த கையோடு பார்த்தபோது எந்தத் தொல்லையும் இல்லை. அதனால் மென்பொருளைச் சந்தேகிக்காமல் எங்கே, எப்போது என்று கேட்டேன். ஏல இடத்தில் விடியற்காலையில் பக்கம் தானாக உருளும், அம்பு இடது கீழ் மூலைக்கு ஓடும் என்றார். வீட்டில் கணக்கை முடிக்கும்போது நடுங்கும், அது வேறு விதம் என்றார். இரண்டும் வேறு என்று அவரே சொன்னதுதான் பெரிய உதவி.

ஏல இடத்துத் தொல்லை 5-வது பதிலில் சொன்ன உப்பு. வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பார்த்ததும் இடது கீழ் ஓரத்தில் வெள்ளையாகப் படிந்திருந்தது தெரிந்தது. ஐஸ் தண்ணீரும் மீன் தண்ணீரும் பட்ட கட்டைவிரலை அங்கே ஊன்றிக்கொண்டு ஆள்காட்டி விரலால் நகர்த்துவது அவர் பழக்கம். ஆல்கஹால் துணியால் ஓரத்தையும் கை வைக்கும் இடத்தையும் துடைத்ததும் அந்த இழுப்பு நின்றது. வீட்டு நடுக்கம் 8-வது பதில்: இரண்டு முள் அடாப்டர். எர்த் உள்ள சாக்கெட்டில் நேராகச் சொருகியதும் அதுவும் போனது. மிச்சம் இருந்தது, ஊன்றிய கட்டைவிரல் அவ்வப்போது தட்டலாகப் பதிவாவது. `Low sensitivity` அதைப் பெருமளவு அடக்கிவிட்டது.

சுத்தம் செய்தாலும் மறுநாள் ஈரக் கை மறுபடி படத்தான் செய்யும். ஏல இடத்துக்கு ஒயர் மவுஸ் ஒன்று வாங்கச் சொன்னேன். செட்டிங்கில் `Leave touchpad on when a mouse is connected` என்ற டிக்கை எடுத்துவிட்டால் மவுஸ் சொருகியதும் டச்பேட் தானாக அணைந்துவிடும், கழற்றினால் திரும்ப வரும். ஈரக் கையோடு வேலை செய்யும் யாருக்கும் நான் சொல்வது இதுதான். எந்த செட்டிங்கும் தண்ணீரை விரலிலிருந்து முழுதாகப் பிரித்தறியாது.

10. குதிக்கல, அப்படியே உறைஞ்சு போகுது. ரீஸ்டார்ட் பண்ணா வருது, கொஞ்ச நேரத்துல திரும்பப் போகுது.

முதலில் விசைப்பலகையின் மேல் வரிசையில் டச்பேட் படம் போட்ட விசை இருக்கிறதா பாருங்கள். `Fn` விசையோடு அது தெரியாமல் அழுந்தியிருக்கலாம். சில பழைய மாடல்களில் டச்பேடின் இடது மேல் மூலையை இரண்டு முறை தட்டினாலே அணைந்துவிடும், அங்கே சின்ன விளக்கும் எரியும்.

ஸ்லீப்பிலிருந்து எழுந்த பிறகு உறைந்தால் மின்சேமிப்பைச் சந்தேகியுங்கள். இப்போதைய டச்பேடுகள் பெரும்பாலும் ஐ-ஸ்கொயர்டு-சி என்ற இணைப்பில் பேசுகின்றன. விண்டோஸ் அந்த இணைப்பைத் தூங்க வைத்துவிட்டு, எழுப்பும்போது தடுமாறுவதுண்டு. `Device Manager`-ல் `Human Interface Devices` கீழே `I2C HID Device` திறந்து, `Power Management` தாவல் இருந்தால் `Allow the computer to turn off this device to save power` டிக்கை எடுங்கள். அந்தத் தாவல் எல்லா லேப்டாப்பிலும் இருக்காது. இல்லையென்றால் அடுத்த பதிலில் உள்ள டிரைவர் வழிதான்.

லேப்டாப் சூடேறிய பிறகோ, திரையை அசைக்கும்போதோ, கை வைக்கும் இடத்தை அழுத்தும்போதோ உறைந்தால் அது செட்டிங்கில் தீராது. 15-வது கேள்வியைப் பாருங்கள்.

11. டிரைவர் அப்டேட் பண்ணச் சொல்றாங்க. எங்கேர்ந்து எடுக்கிறது?

லேப்டாப் கம்பெனியின் இணையதளத்தில் உங்கள் மாடல் எண்ணையோ சீரியல் எண்ணையோ போட்டு எடுங்கள். எல்லா டிரைவரையும் தேடித் தருகிறோம் என்று வரும் இலவச மென்பொருள்களை இறக்காதீர்கள். ஒரே டச்பேட் சில்லையே வெவ்வேறு லேப்டாப்புக்கு வெவ்வேறு அளவில் பொருத்தியிருப்பார்கள், பொதுவான டிரைவர் அந்த அளவை அறியாது. இன்டெல் லேப்டாப் என்றால் டச்பேட் டிரைவருக்கு முன்னால் `Serial IO` என்ற டிரைவரைப் போடுங்கள். டச்பேட் பேசும் பாதை அதுதான், பாதை இல்லாமல் டச்பேட் டிரைவர் மட்டும் போட்டால் பயனில்லை.

அப்டேட் ஆன மறுநாளிலிருந்து கோளாறு என்றால் எதிர்த்திசையில் போங்கள்: அதே `Device Manager`-ல் டச்பேடின் `Properties` திறந்து, `Driver` தாவலில் `Roll Back Driver`. அது மங்கலாக இருந்தால் பழைய டிரைவர் சேமிக்கப்படவில்லை. அப்போது `Uninstall device` கொடுத்து ரீஸ்டார்ட் செய்தால் விண்டோஸ் புதிதாகப் பொருத்திக்கொள்ளும். இதைத் தொடங்கும் முன் ஒரு யூ.எஸ்.பி. மவுஸ் கையில் இருக்கட்டும்.

12. அரசாங்கம் குடுத்த பழைய லேப்டாப்புல லினக்ஸ் போட்டிருக்கேன். அதுல எப்படிப் பார்க்கிறது?

சோதனைக்கு விண்டோஸைவிட லினக்ஸ் வசதி, டச்பேட் என்ன சொல்கிறது என்பதை நேராகப் பார்க்கலாம். `libinput-tools` பொட்டலத்தை நிறுவிவிட்டு இதை ஓட்டுங்கள்:

```
sudo libinput debug-events
```

பிறகு டச்பேடைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள். யாரும் தொடாதபோதே `POINTER_MOTION` வரிகள் ஓடினால் பேய் விரல் இருக்கிறது. வரியின் தொடக்கத்தில் எந்தக் கருவி என்றும் இருக்கும். சார்ஜரைக் கழற்றியதும் வரிகள் நின்றால் எர்த், துடைத்ததும் நின்றால் ஈரம். டைப் அடிக்கும்போது டச்பேடை ஒதுக்கி வைக்க, க்னோம் திரையில் இந்தக் கட்டளை போதும்:

```
gsettings set org.gnome.desktop.peripherals.touchpad disable-while-typing true
```

13. டச்பேடை அணைச்சுட்டேன், மவுஸும் இல்ல. அப்பவும் அம்பு ஓடுது. வைரஸா?

உங்கள் லேப்டாப் தொடுதிரை உள்ளதா? திரையின் ஓரத்தில் அழுக்கோ விரிசலோ இருந்தால், அல்லது மூடி அழுத்தப்பட்டு கண்ணாடி நெருங்கியிருந்தால், திரையே பேய்த் தொடுதல் தரும். அப்போது கிளிக்குகள் திரையின் ஒரே இடத்தில் மறுபடி மறுபடி விழும். `Device Manager`-ல் `HID-compliant touch screen` என்பதை `Disable device` செய்யுங்கள். அம்பு அடங்கினால் திரையைத்தான் பார்க்க வேண்டும். தொடுதிரை இல்லாத லேப்டாப் என்றால், பையில் கிடக்கும் ஒயர்லெஸ் மவுஸின் சின்ன ரிசீவர் இன்னும் சொருகியிருக்கிறதா பாருங்கள்.

14. டச்பேட் ஒரு பக்கம் மேல தூக்கிக்கிட்டு இருக்கு, கிளிக் கல்லு மாதிரி இருக்கு. அழுத்தி விட்டா உட்காருமா?

அழுத்தவே அழுத்தாதீர்கள். பல லேப்டாப்புகளில் டச்பேடுக்கு நேர் கீழே பேட்டரி இருக்கிறது. பேட்டரி வீங்கி உப்பிப்போனால் முதலில் தூக்குவது டச்பேடைத்தான். லேப்டாப்பைத் தட்டையான மேஜையில் வைத்துப் பாருங்கள், அடிப்பக்கம் ஆடினாலோ ஓரத் தையல் பிளந்திருந்தாலோ சந்தேகமே வேண்டாம். சார்ஜ் போடுவதை உடனே நிறுத்தி, அணைத்து, மெத்தையும் துணியும் இல்லாத இடத்தில் வையுங்கள். உப்பிய பேட்டரியைக் குத்தினாலோ மடக்கினாலோ தீப்பிடிக்கும். கழற்றுவதை பழுது பார்ப்பவரிடம் விடுங்கள், குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். பேட்டரியை மாற்றியதும் டச்பேட் பெரும்பாலும் தானே சரியாகிவிடும், ஆகவே இரண்டையும் சேர்த்து மாற்ற அவசரப்பட வேண்டாம்.

15. கடையில டச்பேடையே மாத்தணும்னு சொல்றாங்க. நம்பலாமா?

மாற்றும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். விண்டோஸ் இல்லாமல் பார்த்தீர்களா என்பது ஒன்று. ஒரு பென்டிரைவில் லினக்ஸைப் போட்டு, ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் இயக்கி, அங்கேயும் அதே மாதிரி குதிக்கிறதா என்று பார்க்கலாம். அங்கே சுத்தமாக ஓடினால் கோளாறு விண்டோஸ் டிரைவரில், டச்பேட் மாற்றுவது வீண். பேட்டரியில், உலர்ந்த நிலையில், லினக்ஸிலும் குதித்தால் கோளாறு உள்ளே இருக்கிறது.

ரிப்பன் கேபிளைக் கழற்றிப் பார்த்தீர்களா என்பது அடுத்தது. டச்பேடையும் மதர்போர்டையும் இணைப்பது தாள் போன்ற ஒரு பட்டை. டீ கொட்டியிருந்தாலோ, வெள்ளத்தில் நனைந்திருந்தாலோ, ஈரம் நாள்பட்டு உள்ளே இறங்கியிருந்தாலோ அதன் முனைகளில் பச்சையாகவோ கறுப்பாகவோ பூத்திருக்கும். தொட்டால் உறைவது, அசைத்தால் உயிர் வருவது என்ற அறிகுறி இதனால்தான் வரும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் முனைகளைத் துடைத்து, பட்டையை நேராகச் சொருகிப் பூட்டினாலே பல லேப்டாப்புகள் பிழைத்துக்கொள்கின்றன. பட்டையில் மடிப்புக் கோடு விழுந்திருந்தால் அதை மட்டும் தனியாக மாற்றலாம்.

இரண்டையும் செய்த பிறகும் பேய் விரல் நிற்கவில்லை என்றாலோ, மேல் கண்ணாடியில் விரிசல் இருந்தாலோ மாற்றத்தான் வேண்டும். அப்போது உங்கள் மாடல் எண்ணோடு கூட, பழைய டச்பேடின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் பாக எண்ணையும் புதியதோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே மாடலில் இரண்டு கம்பெனி டச்பேடுகள் வருவதுண்டு.